கீரை ஆய்கிற வேகம்

அண்ணா, வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. வயது 38. ராத்திரி படுத்தாலும் ஆபீஸ் கணக்கு தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனதுக்கு இதமாக இருக்கும் என்று தோழி சொல்லி ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய கேமை விளையாடிப் பார்த்தேன். படபடப்புதான் கூடியது. எனக்குத்தான் நிதானம் இல்லையோ? இந்த வயதில் கேம் எதற்கு என்று வீட்டில் வேறு கேட்கிறார்கள். போன் வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்குமா? ரிலாக்ஸாக ஒரு கேம் சொல்லுங்கள். எதுவானாலும் சரி.
மீ.

அன்புள்ள மீ.,

வயது பற்றிய கேள்வியை விட்டுவிடுங்கள். போன் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் என்னை உட்காரவைத்தது கடைசி வரிதான்.

‘எதுவானாலும் சரி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சரியில்லையே! ஒன்றை விளையாடிப் பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். அளவு கொடுக்காமல் துணியை மட்டும் டெய்லரிடம் நீட்டி ‘ஏதாவது தைத்துக் கொடுங்கள்’ என்பீர்களா? அந்த கேம் உங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று ஐந்து நிமிடம் யோசிக்காமல் ‘எனக்கு நிதானம் இல்லையோ’ என்று உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

ஸ்டார்டியூ வேலி அழகான கேம், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு நாள் என்பது காலை 6 மணியிலிருந்து பின்னிரவு 2 மணி வரை. நம் கணக்கில் சுமார் 14 நிமிடம். அதற்குள் வீடு திரும்பிப் படுக்காவிட்டால் மயங்கி விழுவீர்கள், கையிலிருக்கும் பணத்தில் கொஞ்சம் போய்விடும். 28 நாளில் பருவம் முடியும். அந்தப் பருவத்துக்கான பயிர் வயலில் மிச்சமிருந்தால் அன்றோடு வாடிவிடும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற பெண்ணுக்கு ராத்திரி 10 மணிக்கு இன்னொரு மாதக் கடைசியைக் கையில் கொடுத்தால் படபடக்காமல் என்ன செய்யும்? உங்கள் தோழிக்கு அது இதமாக இருந்திருக்கும். அவர் வேறு வேலையில் இருப்பவராக இருக்கலாம்.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். என் அக்கா ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். போன வருஷம் தொடர்ந்து நைட் டூட்டி பார்த்து உடைந்துபோயிருந்தாள். ‘போன்ல ரிலாக்ஸா எதாவது போட்டுக் குடுடா’ என்றாள். ரயில் ஸ்டேஷன்களைக் கோடு போட்டு இணைக்கிற மினி மெட்ரோவைப் போட்டுக் கொடுத்தேன். வெள்ளைத் தரையில் மெல்லிய வண்ணக் கோடுகள், சன்னமான ஒலி. பார்த்தால் தியானம் மாதிரி இருக்கும். இரண்டாம் நாளே போனைத் திருப்பி நீட்டினாள்.

‘இதுல ஒவ்வொரு ஸ்டேஷனும் ரொம்பிக்கிட்டே போகுதுடா. ரொம்பினதும் அதைச் சுத்தி ஒரு வட்டம் வளருது. வட்டம் முழுசானா எல்லாம் முடிஞ்சுது. எனக்கு வார்டுல பெட் ரொம்புற மாதிரியே இருக்கு.’

நான் கோட்டின் அழகைப் பார்த்திருந்தேன். அவள் கண்ணுக்கு அந்த வட்டம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. அதே கேமில் தோற்கவே முடியாத எண்ட்லெஸ் என்ற முறையும் உண்டு. அதைத் திறந்து கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அவளிடம் நான் எதையுமே கேட்டிருக்கவில்லை.

அப்புறம்தான் கேட்டேன். ‘உனக்கு மெதுவான கேம் பிடிக்குமா’ என்று கேட்டால் யாரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. ‘கடைசியா எப்பக்கா நேரம் போனதே தெரியாம இருந்த? அப்ப கை என்ன செஞ்சுது?’ என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘முருங்கைக்கீரை ஆய்ஞ்சப்ப’ என்றாள்.

எனக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. கீரை ஆயும்போது கை சும்மா இருப்பதில்லை, ஆனால் அவசரமும் இல்லை. நடுவில் எழுந்து போனால் கீரை அப்படியே முறத்தில் கிடக்கும். ஒரு காம்பு சேர்ந்து விழுந்துவிட்டால் எடுத்துப் போட்டுவிடலாம். கண்ணெதிரே ஒரு குவியல் குறைந்து இன்னொன்று வளரும், ஒரு கட்டத்தில் முடிந்தும்விடும்.

வேகத்தைப் பொறுத்தவரை, கடிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், போதும். இதில் ஒன்று மட்டும். மெதுவானதுதான் எல்லாருக்கும் இதம் என்று நினைக்காதீர்கள். தலைக்குள் கணக்கு ஓடுகிற உங்களைப் போன்றவர்களுக்கு ரொம்ப மெதுவான கேம் கொடுத்தால், கை ஒரு பக்கம் நகர்த்திக்கொண்டிருக்கும், மனம் பழையபடி ஆபீஸுக்கே போய்விடும். மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் சிலருக்கு இதமாக இருப்பது இதனால்தான். வேறு நினைப்புக்கு அதில் இடமே இல்லை.

தோல்விதான் நான் நின்று பேச வேண்டிய இடம். தோற்றால் என்ன போகிறது என்று கேளுங்கள். கேண்டி கிரஷ்ஷில் தோற்றால் ஐந்து உயிரில் ஒன்று போகும், அது திரும்பி வர அரை மணி நேரம் ஆகும். அங்கே போவது உங்கள் நேரம். ஸ்டார்டியூவில் பயிர் போகிறது. சிலவற்றில் ஒரு மணி நேரமாகக் கட்டியது மொத்தமும் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பவர்வாஷ் சிமுலேட்டரில் அழுக்குச் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது விட்டுப்போன இடம் சும்மா அழுக்காக நிற்கும், திரும்பி வந்து கழுவலாம். இந்த நான்கையும் கடைக்காரர் ‘ரிலாக்ஸ்’ என்ற ஒரே அலமாரியில்தான் அடுக்கி வைத்திருப்பார். எதைத் தாங்க முடியும் என்பது அன்றைக்கு வேலையில் எதை இழந்துவிட்டு வருகிறோம் என்பதைப் பொறுத்தது. நாளெல்லாம் தப்பு செய்யக்கூடாத வேலையில் இருப்பவருக்கு, தப்பு செய்தாலும் எதுவும் ஆகாத ஓர் இடம் வேண்டும். நாளெல்லாம் ஒன்றும் நடக்காத வேலையில் இருப்பவருக்கு அதே இடம் சலித்துப்போகும். அவருக்குக் கொஞ்சம் தோற்றால்தான் இதம்.

அக்காவுக்கு அன்பேக்கிங் வாங்கிக் கொடுத்தேன். ஒரு பெண் வீடு மாறும்போதெல்லாம் புது வீட்டில் அவள் பெட்டியைப் பிரித்துச் சாமான்களை எடுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். கடிகாரம் கிடையாது, மதிப்பெண் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்து வைத்து முடித்ததும், இடம் மாறியிருக்கிற பொருளைச் சுற்றிச் சிவப்புக் கோடு வரும். சிவப்பு என்றதுமே அவள் முகம் மாறியது. அமைப்புகளுக்குள் போய், எந்தப் பொருளையும் எங்கேயும் வைக்கலாம் என்ற தேர்வைப் போட்டுக் கொடுத்தேன். இசையை அவளே அணைத்துவிட்டாள், பீப் பீப் என்று எது கேட்டாலும் வார்டு மானிட்டர் ஞாபகம் வருகிறதாம். சாமான் வைக்கிற சத்தத்தை மட்டும் விட்டுவைத்தாள். அதே கோப்பை மர அலமாரியில் ஒரு விதமாகவும் கல் மேடையில் வேறு விதமாகவும் ஒலிக்கும். அதற்காகவே எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து ராத்திரி 11 மணிக்கு போன் செய்தாள். அந்தக் கதைப் பெண் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள், சுவரெல்லாம் அவன் சாமான். அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்ட ஓர் இடமில்லை, கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். அக்காவிடம்தான் எங்கேயும் வைக்கலாம் என்கிற தேர்வு இருந்ததே, பாத்ரூமில் வைத்துக்கூட முடித்திருக்கலாம். ‘அடியிலதான்டா வெச்சேன். படிச்ச படிப்பைப் போய் அங்க வைக்கச் சொல்றாங்களே’ என்று சண்டைக்கு வந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

மீ., கடைசியாக உங்களுக்கு நேரம் போனதே தெரியாமல் இருந்தபோது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். அது வந்ததும் கேம் பெயர் சொல்கிறேன்.

அன்புடன்,
ச.