விளம்பர டிசைனில் எழுத்து மறைவது ஏன்? நிலைக்குத்து, சதுரம், அகலம்: கேள்வி பதில்

ஜவுளிக்கடை, ஈரோடு: ரீல்ஸ் விளம்பரத்துக்கு 1080 × 1920 அளவில்தான் போஸ்டர் செய்தோம். கீழே கடை முகவரி, போன் நம்பர் எல்லாம் பெரிதாக இருக்கிறது. ஆனால் பார்த்தவர்கள் நம்பரே இல்லை என்கிறார்கள். அளவு தப்பா?

அளவு சரி, இடம்தான் தப்பு. நோட்டீஸ், பிளெக்ஸ் எல்லாவற்றிலும் முகவரியை அடிப்பட்டையில் போட்டுப் பழகிவிட்டோம். ரீல்ஸில் அந்த அடிப்பட்டைதான் முதலில் மறையும். கணக்கின் பெயர், கேப்ஷன், விளம்பரப் பட்டன் எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும்.

ரீல்ஸ் விளம்பரத்துக்கு மெட்டா சொல்லும் கணக்கு இது: மேலே 14%, கீழே 35%, இரண்டு பக்கமும் 6% இடத்தில் எழுத்தும் லோகோவும் வேண்டாம். உங்கள் போஸ்டரில் அது மேலே சுமார் 270 பிக்சல், கீழே 672, பக்கத்துக்கு 65. மிச்சம் 950 அகலம், 978 உயரம். அதாவது 9:16 என்று நீளமாகத் தெரிந்தாலும், எழுதக் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு சதுரம்தான்.

அந்தச் சதுரம் நடுவிலும் இல்லை. மேலிருந்து 270-ல் தொடங்கி 1248-ல் முடிகிறது. அதன் மையம் 759-ல் வரும், போஸ்டரின் மையமோ 960. ஆகவே சென்டர் அலைன் பட்டனை நம்பி வைத்த எழுத்து 200 பிக்சல் தாழ்வாகவே நிற்கும். அது இரண்டு மூன்று வரியாக நீண்டால் கடைசி வரி கேப்ஷனுக்கு அடியில் போய்விடும்.

உங்கள் போஸ்டரை நான் இப்படி மாற்றுவேன். கடைப் பெயரை மேலிருந்து 300 பிக்சல் தாண்டிச் சின்னதாக வைப்பேன். தள்ளுபடி வரி 500-க்கும் 900-க்கும் நடுவே பெரிதாக வரும். ‘ஈரோடு’ என்ற ஊர்ப் பெயர் 1150 பக்கம். போன் நம்பரை எடுத்தேவிடுவேன், படத்தில் இருக்கும் நம்பரைத் தொட்டால் போன் போகாது. அழைப்பு அல்லது வாட்ஸ்அப் பட்டனை விளம்பரத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அடியில் உள்ள 672 பிக்சலைக் காலியாக விடச் சொல்லவில்லை. புடவையின் கீழ்ப்பகுதி அங்கே ஓடட்டும், எழுத்து மட்டும் வேண்டாம்.

டிசைன் மாணவி, கோவை: மேலே 250, கீழே 340 பிக்சல் விட்டால் போதும் என்று படித்திருக்கிறேன். நீங்கள் கீழே 672 என்கிறீர்களே?

நீங்கள் படித்தது ஸ்டோரிக்கு. அங்கே கேப்ஷன் அடுக்கு இல்லை என்பதால் அடிப்பகுதி குறைவாகவே மறையும். அதையே 14%, 20% என்றும் எழுதுவார்கள். 1920-க்குக் கணக்குப் போட்டால் 270, 384 வருகிறது, 250, 340 என்பதோடு சரியாகப் பொருந்தாது. எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோப்பு ஸ்டோரிக்கும் ரீல்ஸுக்கும் போகிறது என்றால் ரீல்ஸ் கணக்குதான்.

மளிகைக்கடை, தஞ்சாவூர்: 20% என்றதும் ஞாபகம் வந்தது. எழுத்து 20 சதவீதத்தைத் தாண்டினால் பேஸ்புக் விளம்பரத்தை ஏற்காது, இல்லையா?

அது வேறு 20%. படத்தில் எழுத்து எவ்வளவு இருக்கலாம் என்ற பழைய கட்டுப்பாடு, 2020-ல் கைவிட்டுவிட்டார்கள். இங்கே பேசுவது எழுத்து எங்கே இருக்கலாம் என்பதை.

அச்சக டிசைனர், சிவகாசி: இது எங்கள் ப்ளீட் மாதிரிதானே? நான்கு பக்கமும் 3 மி.மீ. விட்டால் கத்தியில் எழுத்து போகாது. இதிலும் நான்கு பக்கமும் ஒரே மாதிரி 10% விட்டுவிடுகிறேன்.

பாதி சரி. ப்ளீட் வெட்டுக்கோட்டுக்கு வெளியே விடுவது. அதற்கு உள்ளே எழுத்துக்கு விடுகிறீர்களே ஓர் ஓரம், அதுதான் இதற்குப் பக்கத்தில் வரும். ஆனால் கத்தி நான்கு பக்கமும் ஒரே மாதிரி இறங்கும், ஆப் அப்படி இல்லை. கீழே நிறைய மறையும், மேலே கொஞ்சம். லைக், கமென்ட் பட்டன்கள் வலப்பக்கம் வரிசையாக நிற்பதால் வலது கீழ் மூலைதான் மோசம். 10% விட்டால் கீழே 192 பிக்சல்தான் ஆகிறது, போதவே போதாது.

சொந்தத் தொழில், மதுரை: ஒரே டிசைனை வெட்டி எல்லா அளவுக்கும் போடலாமா? மூன்று தடவை டிசைனருக்குக் காசு கொடுக்க முடியாது.

நிலைக்குத்தாக ஒன்று செய்து நடுவில் வெட்டினால், ஃபீடுக்கான 4:5 படத்துக்கு 285 முதல் 1635 வரை கிடைக்கும். சதுரத்துக்கு 420 முதல் 1500 வரை. ரீல்ஸ் வரம்பு 1248-ல் முடிவதால், எழுத்தை 420-க்கும் 1248-க்கும் நடுவே வைத்தால் மூன்றிலும் தப்பிக்கும். 828 பிக்சல் உயரம் கிடைக்கிறது. ஒரு தலைப்பு, ஒரு விலை, ஊர்ப் பெயர், அவ்வளவுதான் கொள்ளும். சதுரத்தில் எழுத்து மேல்பக்கம் ஒட்டி நிற்பது அழகாக இருக்காது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அகலப் படத்துக்கு மட்டும் இந்த வித்தை செல்லாது. கூகுள் டிஸ்ப்ளே விளம்பரத்துக்கு 1200 × 628 கேட்பார்கள். உங்கள் 1080 அகலப் படத்திலிருந்து அந்த விகிதத்தில் வெட்டினால் 565 உயரம்தான் தேறும், புடவை கட்டிய பெண்ணின் தலையும் காலும் போய்விடும். இதற்கு இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து என்று அடுக்கை மாற்றித்தான் ஆக வேண்டும். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ‘வாடிக்கையாளர்களுக்கு’ போன்ற சொல் அகலத்தில் ஒரே வரியில் நிற்கும், 950 பிக்சலுக்குள் பெரிய எழுத்தில் அடங்காது. எழுத்தைச் சிறிதாக்குவதற்குப் பதில் சொல்லையே மாற்றுங்கள். ‘உங்களுக்கு’ என்றால் போதாதா?

வீடியோ எடிட்டர், திருச்சி: யூடியூபில் 16:9 விளம்பரம் ஓட்டுகிறோம். லோகோ வலது கீழ் மூலையில். இதற்கும் பாதிப்பு உண்டா?

உண்டு. ஸ்கிப் பட்டன் வருவது அந்த மூலையில்தான். விளம்பரம் என்ற குறிப்பும் இணைப்பும் இடது கீழ்ப்பக்கம் வரும். லோகோவை மேலே ஏற்றிவிடுங்கள். டிவியிலும் ஓடுமென்றால் எழுத்துக்கு நான்கு ஓரமும் 5% விடுவது ஒளிபரப்பில் உள்ள வழக்கம். 1920 × 1080-ல் அது பக்கத்துக்கு 96, மேலும் கீழும் 54 பிக்சல்.

போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்கு அந்த 1920 அகலம் முழுவதும் போனின் குறுக்கு அகலத்துக்குள் சுருங்கும். 1080 பிக்சல் அகலத் திரையில் 40 அளவு எழுத்து 22 அளவாகத் தெரியும். மறைக்காவிட்டாலும் படிக்க முடியாது.

சமூக ஊடக வேலை, சென்னை: என் போன் நீளமானது. பட்டன்களில் பாதி வீடியோவுக்குக் கீழே கருப்புப் பட்டையில் வருகிறது. 35% விடுவது வீண் இல்லையா?

உங்கள் போனில் வீணாக இருக்கலாம். குட்டையான திரையில் அதே பட்டன்கள் படத்தின் மேல்தான் ஏறும். நீளத் திரையிலும், ஆப் படத்தைப் பெரிதாக்கி முழுவதும் நிரப்பினால் பக்கங்கள் வெட்டுப்படும். 20:9 திரை முழுக்க நிரம்பினால் பக்கத்துக்கு 108 பிக்சல் போகும், நாம் விட்ட 65 போதாது. அதனால் நான் பக்கத்துக்கு 110 விடுகிறேன். இடம் வீண் என்று டிசைனர்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

ஆட்ஸ் மேனேஜர் முன்னோட்டத்தைப் பழைய சிறிய போன் ஒன்றிலும் புதிய நீளமான போன் ஒன்றிலும் திறந்து பாருங்கள். கேப்ஷனையும் உண்மையான நீளத்தில் போட்டுவிட்டுப் பாருங்கள், ‘டெஸ்ட்’ என்று ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்தால் எதுவும் மறையாது.