வீட்டில் தேவாரம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நாங்கள் நான்கு பேர். யாருக்கும் சங்கீதம் தெரியாது. மாலையில் விளக்கேற்றியதும் தேவாரம் பாட ஆசை. புத்தகத்தைத் திறந்தால் மலைப்பாக இருக்கிறது. எதில் தொடங்குவது? (ஈரோடு வாசகி)

மலைப்பு நியாயம்தான். மூவர் தேவாரம் மட்டுமே 8,000 பாடல்களுக்கு மேல். புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'தோடுடைய செவியன்' இருப்பதால் பலரும் அதிலேயே தொடங்கி, மூன்றாம் வாரம் நிறுத்திவிடுகிறார்கள். அது நீண்ட அடிகள் கொண்ட பாட்டு. அடியின் நடுவில் எங்கே மூச்சு விடுவது என்று பழகாதவர்களுக்குத் தெரியாது.

நான் சொல்வது ஐந்தாம் திருமுறை, 90ஆம் பதிகம். அப்பர் பாடியது.

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே

இந்த யாப்புக்குத் திருக்குறுந்தொகை என்று பெயர். அடிக்கு நான்கு சீர்தான். மெய்யெழுத்தை விட்டுவிட்டு எண்ணிப் பாருங்கள், நான்கு அடியிலும் சரியாக 11 எழுத்து வரும். அதனால் சீருக்கு ஒரு தட்டு, அடிக்கு நான்கு தட்டு என்று கை போட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தாளம் நிற்கும். மாசி, வீசு, மூசு, ஈசன் என்று எதுகை அடுத்த அடியை எடுத்துக் கொடுத்துவிடும்.

முதல் மூன்று நாள் ராகமே வேண்டாம். பெரியவர் ஒருவர் ஓர் அடியைத் தட்டிக்கொண்டே சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். நாலாம் நாள் ஓர் ஓதுவார் பாடிய பதிவை இரண்டு முறை கேட்டுவிட்டு, அதே மெட்டில் அடியடியாகப் பாடுங்கள். இரண்டு வாரம் இந்த ஒரே பாட்டு போதும். அப்புறம் இதே பதிகத்தின் இரண்டாம் பாட்டு:

நமச்சி வாயவே ஞானமும் கல்வியும்
நமச்சி வாயவே நானறி விச்சையும்
நமச்சி வாயவே நாநவின் றேத்துமே
நமச்சி வாயவே நன்னெறி காட்டுமே

நிரையசையில் தொடங்குவதால் இதில் அடிக்கு 12 எழுத்து. மெட்டு மாறாது. நாலடியும் ஒரே சொல்லில் தொடங்குவதால் பிள்ளைகள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

உச்சரிப்பில் ஓர் இடத்தைக் கவனியுங்கள். 'நீழலே' என்பது 'நீளலே' ஆகிவிடும். நீழல் என்றால் நிழல். 'வண்டறை' என்றால் வண்டு அறைகிறதா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அறைதல் என்பது இங்கே ஒலித்தல். அப்பரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோது பாடிய பாட்டு இது என்று பெரியபுராணம் சொல்கிறது. கொதிக்கும் அறைக்குள் உட்கார்ந்து தென்றலையும் குளத்தையும் பாடியிருக்கிறார் என்ற ஒரு செய்தி போதும், பிள்ளைகள் பொருளை மறக்கமாட்டார்கள்.

யூடியூபில் ஓதுவார் பாடுவதைப் போட்டு கூடவே பாடுகிறோம். தனியாகப் பாடினால் ஆளுக்கொரு பக்கம் போகிறது. ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

இரண்டு காரணம் இருக்கும். ஓதுவார்கள் தேவாரத்தை இரண்டு விதமாகப் பாடுவார்கள். தாளத்தோடு பாடுவது பண்ணாங்கம். தாளக்கட்டு இல்லாமல், சொல்லை நீட்டியும் ராகத்தை விரித்தும் பாடுவது சுத்தாங்கம். நீங்கள் கேட்பது சுத்தாங்கமாக இருந்தால், அதை நான்கு பேர் சேர்ந்து பாட முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு நீட்டுவது என்பது பாடுபவரின் மனசில்தான் இருக்கிறது. பதிவைக் கேட்டுக்கொண்டே தொடையில் தட்டிப் பாருங்கள். நாலடிக்கும் தட்டு சமமாக விழுந்தால் பண்ணாங்கம், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பதிவோடு சேர்ந்து பாடும் பழக்கம். நமக்கு வராத இடத்தை அந்தக் குரல் மூடிவிடும், நாம் பாடிவிட்டதாக நினைத்துக்கொள்வோம். பதிவை முதலில் கேளுங்கள், அணைத்துவிட்டுப் பாடுங்கள். எந்தச் சொல்லில் எல்லோரும் முணுமுணுக்கிறீர்களோ, பழக வேண்டியது அந்த அடி மட்டும்தான்.

ஒரே பாட்டை இரண்டு ஓதுவார்கள் இரண்டு ராகத்தில் பாடியிருந்தால் குழம்ப வேண்டாம். குறுந்தொகை, நேரிசை, விருத்தம், தாண்டகம் ஆகியவை யாப்பின் பெயரால் தொகுக்கப்பட்டவை. பாடும் முறை ஆசிரியருக்கு ஆசிரியர் கொஞ்சம் மாறும். ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவரையே பின்பற்றுங்கள்.

அவர் பாடினால் எனக்குக் குரல் இறங்கவில்லை. நான் பாடினால் அவர் கத்துகிறார். எங்களுக்கு எந்தச் சுருதி? (மதுரை வாசகி)

இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு. கச்சேரிக் கணக்கில் ஆண்களுக்கு ஒன்று அல்லது ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை என்பார்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று கட்டை வைத்தால் சமாதானம் ஆகிவிடும் என்று நினைக்கத் தோன்றும். ஆகாது. இருவருக்குமே தொல்லைதான்.

ஐந்தரைக் கட்டை வையுங்கள். நீங்களும் பிள்ளைகளும் உங்கள் ஸ்தாயியில் பாடுங்கள், அவர் சரியாக ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். சுருதி ஒன்றுதான், ஆகவே சேர்ந்தே ஒலிக்கும். உங்களோடு அதே உயரத்தில் பாட முயல்வதால்தான் அவர் கத்துகிறார். கைபேசிச் சுருதிப்பெட்டியில் ஐந்து கட்டை G என்றும், ஐந்தரை G# என்றும், ஆறு A என்றும் காட்டும். பாட்டின் உச்ச இடத்தில் உங்களுக்குத் தொண்டை இறுகினால் ஐந்துக்கு இறக்குங்கள். கீழே வரும் இடத்தில் அவர் குரல் கரகரத்து நின்றுபோனால் ஆறுக்கு ஏற்றுங்கள். சரியான இடம் கிடைத்ததும் எழுதி வைத்துக்கொண்டு, தினமும் அதிலேயே தொடங்குங்கள்.

புத்தகத்தில் 'தோடுடையசெவி யன்விடை யேறியோர்' என்று அச்சிட்டிருக்கிறது. மகன் 'செவி' என்று நிறுத்தி 'யன்விடை' என்கிறான். பதம் பிரித்த புத்தகம் வாங்கலாமா? (சென்னை வாசகர்)

பொருள் படிக்க வாங்குங்கள், பாடுவதற்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது சீர் பிரித்த பதிப்பு. தாளம் விழும் இடத்தைத்தான் அந்த இடைவெளி காட்டுகிறது, சொல் முடியும் இடத்தை அல்ல. 'தோடு உடைய செவியன் விடை ஏறி' என்று பிரித்ததைப் பார்த்துப் பாடினால் உகரம் தனியாக ஒலித்து, எழுத்து ஒன்று கூடி மெட்டு தடுக்கும்.

பையனுக்கு ஒருநாள் பதம் பிரித்துப் பொருள் சொல்லுங்கள்: தோடு அணிந்த காதை உடையவன், காளை மேல் ஏறி வருபவன். மறுநாள் சீராகவே பாடட்டும். ஆனால் 'செவி'க்குப் பிறகு மூச்சு விடாமல் 'யன்' வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். பென்சிலால் 'செவி', 'யன்' இரண்டுக்கும் அடியில் ஒரு வளைவு போட்டால் போதும். நட்டபாடைப் பண், இன்றைய வழக்கில் நாட்டை. நேராக நடக்கிற ராகம் என்பதால், குறுந்தொகையில் இரண்டு மாதம் பழகியவர்களுக்கு இது எட்டும். 'காதலாகிக் கசிந்து' கொஞ்ச நாள் கழியட்டும். கௌசிகப் பண்ணைப் பைரவியில் பாடுகிறார்கள், அதன் அசைவுகள் கேட்டவுடன் வருவதில்லை.

கோயிலில் பஞ்சபுராணம் பாடுகிறார்களே, வீட்டில் பாடலாமா? (யாழ்ப்பாண வாசகி)

தாராளமாக. உங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்த முறை அது. தமிழ்நாட்டு வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் 'திருச்சிற்றம்பலம்' சொல்ல, மற்றவர்களும் சொல்லித் தொடங்க வேண்டும். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு. பிறகு பலரும் திருப்புகழ் ஒன்று சேர்த்து, 'வான்முகில் வழாது பெய்க' என்ற கந்தபுராண வாழ்த்தைப் பாடி, மறுபடி 'திருச்சிற்றம்பலம்' சொல்லி முடிப்பார்கள்.

முதலில் சொன்ன ஈரோட்டுக் குடும்பம் இதற்கு வர ஆறு மாதம் எடுத்துக்கொள்ளலாம். 'மாசில் வீணை' தேவாரமாக ஏற்கெனவே கையில் இருக்கிறது. அடுத்து 'பால்நினைந் தூட்டும் தாயினும்' என்ற திருவாசகத்தை அம்மா எடுத்துக்கொள்ளட்டும். திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது வழக்கம், ஐந்து சுரம்தான், எளிது. திருவிசைப்பாவுக்கு 'ஒளிவளர் விளக்கே', கொஞ்சம் நீளம், அப்பா பொறுப்பு. திருப்பல்லாண்டில் 'மன்னுக தில்லை', எல்லோரும் சேர்ந்து. 'உலகெலாம் உணர்ந்து' பெரிய பிள்ளைக்கு. ஆளுக்கு ஒன்று என்று வைத்தால், ஒருவர் ஊரில் இல்லாத நாளில் அந்தப் பாட்டை வேறொருவர் பாடியாக வேண்டும். ஐந்தும் எல்லோருக்கும் வருவது அப்படித்தான்.

சம்பந்தர் பதிகத்தின் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் கடுமையாகச் சொல்கிறார். பிள்ளைகளோடு பாட சங்கடமாக இருக்கிறது. (கோவை வாசகர்)

சம்பந்தர் பதிகங்களில் ஒரு வரிசை உண்டு: பெரும்பாலும் எட்டில் இராவணன், ஒன்பதில் அடிமுடி தேடிய மாலும் அயனும், பத்தில் சமணரும் சாக்கியரும், கடைசியில் தம் பெயர் சொல்லிப் பயன் கூறும் திருக்கடைக்காப்பு. ஏழாம் நூற்றாண்டில் சமயங்கள் நேருக்கு நேர் வாதாடிய காலத்துப் பேச்சு அது. முழுப் பதிகம் பாட நேரமில்லாதவர்கள் முதல் பாட்டும் திருக்கடைக்காப்பும் பாடி நிறைவு செய்வது பழைய வழக்கம். வீட்டுக்கு அதுவே போதும். முழுதும் பாடினால் பாட்டைப் பாட்டாகவே பாடி, பிள்ளை கேட்டால் காலத்தைச் சொல்லுங்கள். சொல்லை மாற்றிப் பாடுவதை நான் ஏற்கமாட்டேன்.

மாதவிலக்கு நாட்களில் பாடலாமா? (பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பூஜை அறைக்குள் போவதும் போகாததும் உங்கள் வீட்டு வழக்கம். வாயால் பாடுவதற்கு அறை தேவையில்லை. கூடத்தில் உட்கார்ந்து பாடுங்கள்.

ஆர்மோனியம் வாங்கலாமா? (சேலம் வாசகர்)

இப்போது வேண்டாம். வாசிக்கத் தெரியாதவர் கையில் அது பாட்டைக் கட்டை கட்டையாக வெட்டிவிடும், குரலும் அந்தக் கட்டைகளைத் தேடிப் போகும். சுருதிக்குக் கைபேசி, தாளத்துக்கு ஒரு ஜோடி ஜால்ரா. அதையும் சின்னவன் கையில் கொடுப்பதற்கு முன், சீருக்கு ஒரு தட்டு அவனுக்கு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.