முந்தானையை மாற்றினால் முகமும் மாறுகிறதா? கஸ்டமருக்கு எழுத வேண்டியது

"மதுரையில் வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறேன். ஒரு சுங்குடிக் கடையின் சித்திரைத் திருவிழா விளம்பரத்துக்கு ஏஐ படங்கள் செய்துகொடுத்தேன். மூன்று கரெக்‌ஷன் என்று பேச்சு, பதினொன்று ஆகிவிட்டது. முந்தானையை மாற்றச் சொல்கிறார், மாற்றினால் பெண்ணின் முகமும் மாறிவிடுகிறது. இதை அவருக்கு எப்படி எழுதிப் புரியவைப்பது?"

எத்தனை தடவை என்பதைவிட, எதை எப்போது மாற்றலாம் என்று எழுதுங்கள். கடைக்காரருக்குப் பழகியது ஃபோட்டோஷாப் வேலை. அதில் ஒரு லேயரைத் தொட்டால் மற்றது அசையாது. ஏஐ தரும் படம் பெரும்பாலும் ஒரே தட்டையான படம். பிராம்ப்ட்டில் ஒரு சொல்லை மாற்றி மறுபடி ஓட்டினால் முழுப் படமும் புதிதாக உருவாகிறது. ஒரே தொடக்கத்தைத் தரும் ஸீட் எண்ணை அப்படியே வைத்தாலும் முகமும் விரலும் நகரலாம். குறிப்பிட்ட இடத்தை மட்டும் மாஸ்க் செய்து திருத்தலாம்தான். வளையல், பூ, பின்னணி விளக்கு போன்றவற்றுக்கு அது போதும். முந்தானை அப்படியல்ல. அது தோளில் தொடங்கிக் கையைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது. மாஸ்க்கின் ஓரத்தில் மடிப்பு ஒட்டாது, சில நேரம் ஆறாவது விரலும் முளைக்கும்.

இப்படி அனுப்பலாம்:

"அண்ணே, வணக்கம். முதல் ரவுண்டில் சின்ன அளவில் நாலு படம் அனுப்புவேன். ஆள், நிற்கும் விதம், சேலை நிறம், பின்னணி எல்லாம் இதிலேயே முடிவாகணும். ஒண்ணைத் தேர்ந்தெடுத்து 'ஓகே'ன்னு போடுங்க. ரெண்டாவது ரவுண்டில் அந்தப் படத்திலேயே ஐந்து இடம் வரை திருத்தலாம். வீட்டில், கடையில் எல்லார்கிட்டயும் கேட்டு, படத்தில் வட்டம் போட்டு ஒரே மெசேஜா அனுப்புங்க. மூணாவது ரவுண்டு எழுத்துக்கு மட்டும்: விலை, தேதி, ஃபோன் நம்பர், லோகோ. 'ஓகே' சொன்ன பிறகு ஆளையோ நிற்கும் விதத்தையோ சேலையையோ மாத்தினா அது புதுப் படம், அதுக்குத் தனிக் கட்டணம்."

எழுத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. ஏஐ வரையும் தமிழில் கொம்பும் புள்ளியும் இடம் மாறும் வாய்ப்பு அதிகம். அதனால் எழுத்தைப் படத்துக்குள் வரையவிடாமல், தனி லேயரில் நீங்களே அடியுங்கள். விலை மாறினால் ஐந்து நிமிட வேலை.

உங்கள் கஸ்டமர் முந்தானையையே திரும்பத் திரும்பப் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. அசல் சுங்குடிப் புள்ளி கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, மடிப்பில் சேர்ந்தே வளையும். ஏஐ அதை அச்சடித்த பொட்டு மாதிரி வரிசையாக வைக்கும், இல்லையென்றால் மடிப்பில் கரைத்துவிடும். விற்கிற சரக்கையே ஏஐயை வரையவிட்டால் எத்தனை ரவுண்டும் போதாது. கடையில் அந்தச் சேலையை ஆளுக்குக் கட்டிவிட்டு, பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். பின்னணியை மட்டும் ஏஐயில் செய்யுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்பதைப் பிராம்ப்ட்டிலும் எழுதாவிட்டால் ஒட்டுவேலை காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றைத் தாண்டிப்போன எட்டுக்கும் இப்போது காசு கேட்க வேண்டாம். தாண்டினால் கட்டணம் என்று முன்பே சொல்லாத கணக்கு அது. இந்த மெசேஜுக்கு அவர் 'சரி' போட்ட பிறகு அடுத்த படத்தைத் தொடுங்கள்.