நிலத்தில் 40 சென்டா, ஒன்றரை ஏக்கரா?

கேள்வி: எனக்கு 1986-ல் கல்யாணம் ஆனது. இரண்டு அண்ணன்கள், நான் ஒரே பெண். லால்குடி பக்கம் 4 ஏக்கர் 80 சென்ட் நஞ்சை இருக்கிறது. கொள்ளுத் தாத்தா காலத்து நிலம். தாத்தா 1953-ல் இறந்தார், பாட்டி அதற்கும் முன்பே. அப்பா ஒரே பிள்ளை. ஆசிரியராக இருந்த அப்பா, 1994-ல் தன் சம்பளத்தில் டவுனில் ஒரு வீடு வாங்கினார். உயில் எழுதாமல் 2001-ல் காலமானார். அம்மா இருக்கிறார். போன பொங்கல் வரை வருஷம் இரண்டு மூட்டை நெல் வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் பங்கு கேட்டேன். “உனக்குக் கல்யாணம் 89-க்கு முன்னாடி, அப்பா செத்தது 2005-க்கு முன்னாடி. சட்டப்படி உனக்கு 40 சென்ட்தான். நாங்க 98-லயே கூர்ச்சீட்டு போட்டுப் பிரிச்சுக்கிட்டோம், அதனால அதுவும் கிடையாது” என்கிறார்கள். 2007-ல் பட்டாவை இருவர் பெயருக்கும் கூட்டாக மாற்றிவிட்டார்கள். பெரிய அண்ணன் 2012-ல் 50 சென்டை விற்றுவிட்டார். இப்போது பட்டா விஷயமாக ஒரு கையெழுத்து வேண்டும், ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா?
— ஒரு வாசகி, திருச்சி மாவட்டம்

பதில்: போகாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். பட்டா மாற்றுவது வருவாய்த் துறையின் வேலை. வெறும் பட்டாவுக்காக ஒரு கையெழுத்து என்றால், அதற்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் உங்களை உட்காரவைக்க வேண்டியதில்லை. அங்கே உங்கள் முன்னால் நீட்டப்படுவது பெரும்பாலும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். “எனது பாகத்தை விடுதலை செய்துகொடுக்கிறேன்” என்ற வரி நான்காம் பக்கத்தில் எங்கேயாவது ஒளிந்திருக்கும். படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒரு அம்மாவுக்காக வழக்கு நடத்தியிருக்கிறேன். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் சுமை முழுக்க அவர் தலையில் விழுந்தது. பங்கு வழக்கைவிட அது பல மடங்கு கஷ்டம்.

சரி, உங்கள் அண்ணன்கள் சொல்வது முழுப் பொய்யா என்றால் இல்லை. அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் சட்டமாக இருந்ததுதான். சிக்கலே அங்கேதான்.

தமிழ்நாட்டில் மகளைக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்குதாரர் ஆக்கிய மாநிலத் திருத்தம் 25.3.1989-ல் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் வருவதற்குப் பதினாறு வருஷம் முன்பே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இது பொருந்தாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். நீங்கள் மூன்று வருஷத்தில் தவறிவிட்டீர்கள். அண்ணன்களின் ‘89’ இங்கிருந்து வருகிறது.

அப்புறம் 9.9.2005-ல் மத்திய அரசின் திருத்தம் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவையே மாற்றி எழுதி, மகனைப் போலவே மகளும் பிறப்பாலேயே பங்குரிமை உள்ளவள் என்றது. கல்யாணம் ஆனவளா, எப்போது ஆனது என்ற கேள்வியே அதில் இல்லை. அத்தோடு உங்கள் 1986 கல்யாணம் கணக்கிலிருந்து போய்விட்டது.

ஆனால் அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? 2015-ல் பூலாவதி வழக்கில், ஆமாம், இருந்திருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2018-ல் தானம்மா வழக்கில், உங்கள் அப்பாவைப் போலவே 2001-ல் இறந்த ஒருவரின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தது. இரண்டும் முட்டிக்கொண்டதால் மூன்று நீதிபதிகள் அமர்வு உட்கார்ந்து, வினீதா சர்மா வழக்கில் 11.8.2020 அன்று முடித்துவைத்தது. உரிமை மகளின் பிறப்பிலிருந்து வருகிறது, அதனால் 2005-ல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம். உங்கள் அண்ணன்களுக்கு யோசனை சொன்னவர் 2015-லேயே நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன்.

இப்போது அந்த 40 சென்ட் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பழைய கணக்கில் அப்பா, இரண்டு மகன்கள் என மூன்று பேருக்குத்தான் பிறப்புரிமை. 480 சென்டை மூன்றாக்கினால் தலைக்கு 160. அப்பாவின் 160 மட்டும் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும், ஆளுக்கு 40. ஆக அண்ணன்களுக்கு 200, 200. உங்களுக்கும் அம்மாவுக்கும் 40, 40.

புதிய கணக்கில் முதல் பிரிப்பிலேயே நீங்களும் இருக்கிறீர்கள். அப்பா, இரண்டு மகன்கள், மகள் என்று நான்கு பங்கு. ஒவ்வொன்றும் 120 சென்ட். அப்பாவின் 120, அம்மாவோடு சேர்த்து நான்கு பேருக்குத் தலா 30. உங்களுக்கு 150 சென்ட், அதாவது ஒன்றரை ஏக்கர். அண்ணன்களுக்கும் அதேதான். அம்மாவுக்கு 30. (முதல் பிரிப்பில் மனைவிக்குத் தனிப் பங்கு தரும் வழக்கம் நம் தென்னாட்டில் இல்லாமல் போய்விட்டது. அம்மாவுக்கு 30 சென்ட்தானா என்று எனக்கே உறுத்துகிறது, ஆனால் கணக்கு அப்படி.) அப்பா 2005-க்கு முன்பே இறந்ததால் அம்மாவின் பங்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எதிர்த்தரப்பு வாதாடலாம். மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

இந்தக் கணக்கு நிற்பதற்கு நீங்கள் எழுதிய ஒரு வரிதான் அஸ்திவாரம்: தாத்தா 1953-ல் இறந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 17.6.1956. அதற்கு முன்பு தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து, அந்த மகனின் பிள்ளைகளைப் பொறுத்தவரை பூர்வீகம். 1956-க்குப் பிறகு கதை வேறு. தாத்தா சொந்தமாக வாங்கிய நிலத்தை வைத்துவிட்டு, உதாரணமாக, 1963-ல் இறந்திருந்தால், அது உங்கள் அப்பாவின் கையில் தனிச் சொத்து ஆகியிருக்கும். பிறப்புரிமை என்ற பேச்சே வராது. அப்போது அம்மாவும் பிள்ளைகளும் ஆளுக்கு 120 சென்ட். ‘தாத்தா சொத்து என்றாலே பூர்வீகம்’ என்று வருகிற கடிதங்களில் பாதி இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அதனால் தாத்தாவின் இறப்புத் தேதிக்கு ஒரு சான்று தேடுங்கள். சான்றிதழ் கிடைக்காவிட்டால், அப்பா தனியாகக் கையெழுத்திட்ட பழைய பத்திரம், கிஸ்தி ரசீது எதுவும் உதவும்.

டவுன் வீட்டுக்கு இந்தக் குழப்பமே இல்லை. அது அப்பாவின் சுய சம்பாத்தியம், உயிலும் இல்லை. அம்மா, அண்ணன்கள், நீங்கள் என ஆளுக்குக் கால் பங்கு. கால் பங்கு உங்களுக்கு 2001-லேயே வந்துவிட்டது. ஆனால் அண்ணன்கள் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது என்று ஒரு விதி இருந்தது. 2005-ல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

கூர்ச்சீட்டு விஷயத்துக்கு வருவோம். 20.12.2004-க்கு முன்பே நடந்து முடிந்த பாகப்பிரிவினையை மகள் கலைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்று சட்டம் சொல்லிவிட்டது. வெள்ளைத்தாளில் ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்திட்ட சீட்டு இதில் சேராது. வினீதா சர்மா தீர்ப்பு ஒரே ஒரு சிறு வழியை மட்டும் திறந்துவைத்தது: வாய்மொழிப் பிரிவினைக்கு அரசு ஆவணங்களே ஆதாரமாக இருந்தால் அபூர்வமாக ஏற்கலாம். அப்படி இருந்திருந்தால் 1998-ஐ ஒட்டியே ஆளுக்கொரு உட்பிரிவு எண், தனித்தனிப் பட்டா, தனித்தனிக் கிஸ்தி என்று தடயம் இருக்கும். உங்கள் அண்ணன்களோ 2007-ல் வாங்கியதே கூட்டுப் பட்டா. 98-ல் பிரித்துக்கொண்டவர்கள் ஒன்பது வருஷம் கழித்து எதற்குக் கூட்டாகப் பட்டா வாங்கினார்கள்? உங்கள் வக்கீல் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பட்டாவை eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்தில் 1990-களிலிருந்து போட்டுப் பாருங்கள், பதிவான பாகப்பிரிவினை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம். பட்டாவில் பெயர் இல்லை என்பதற்காக உரிமை போகாது.

2012-ல் விற்ற 50 சென்டுக்காக வாங்கியவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அந்த விற்பனை உங்கள் பங்கைக் கட்டாது. ஆனால் விற்றவரின் பங்கே 150 சென்ட் என்பதால், அந்த 50-ஐ அவர் கணக்கில் ஒதுக்கச் சொல்லலாம். வாங்கியவர் நிலம் அவரிடமே இருக்கும், பெரிய அண்ணனுக்கு மீதி 100. வழக்கு என்று வந்தால் வாங்கியவரையும் சேர்க்க வேண்டும்.

அந்த இரண்டு மூட்டை நெல்லை லேசாக நினைக்காதீர்கள். கூட்டுச் சொத்திலிருந்து ஒருவரை விலக்கியது அவருக்குத் தெரிந்த நாளிலிருந்து 12 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். 2007 பட்டாவைக் காட்டி, அப்போதே விலக்கிவிட்டோம், கெடு முடிந்தது என்பார்கள். போன பொங்கல் வரை நெல் வந்திருக்கிறது என்றால் விலக்கவில்லை என்று அர்த்தம். நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருந்தீர்கள் என்பதற்கு அது சாட்சி. கூட்டு அனுபவம் இருந்தால் நீதிமன்றக் கட்டணமும் குறையும். வண்டி வாடகைச் சீட்டு, போனில் வந்த செய்தி, ஏற்றிவந்த டிரைவர் என எது கிடைத்தாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். “உனக்குத்தான் நகை போட்டு சீர் செய்தோமே” என்றும் அடுத்து சொல்வார்கள். சீரைப் பங்கில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

முதலில் வக்கீல் நோட்டீஸ். மசியாவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. நிலத்தையும் வீட்டையும் ஒரே வழக்கில் சேருங்கள். ஒன்றை விட்டுவிட்டால் ‘பகுதிப் பிரிவினை’ என்று சொல்லியே தள்ளப் பார்ப்பார்கள். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமான வரம்பு பார்ப்பதில்லை. வழக்கில் முதலில் யாருக்கு எவ்வளவு என்ற முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். அப்புறம் ஆணையர் வந்து, வாய்க்கால், வழி எல்லாம் பார்த்து அளந்து பிரித்த பிறகுதான் இறுதித் தீர்ப்பாணை.

எல்லாப் பங்குதாரரும் வழக்கில் இருந்தாக வேண்டும் என்பதால் அம்மாவின் பெயரும் எதிர்த்தரப்பில் வரும். தபால்காரர் கொண்டுவரும் நோட்டீஸில் தன் பெயரைப் பார்த்துத்தான் அவர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. அதற்கு முன் ஒருநாள் நேரில் போய் உட்கார்ந்து, எதற்காக அவர் பெயர் அதில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள். நிலத்தில் 30 சென்டும் வீட்டில் கால் பங்கும் அவருடையது என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.