எல்லா மதத்தவருக்கும் ஒத்துவரும் ஈகை மேற்கோள் எது?

கேள்வி: "திருகோணமலையில் எங்கள் தெருக்காரர் சேர்ந்து கிழமைக்கு ஒருநாள் மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். சைவர், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், பௌத்தர் எல்லாரும் சாப்பிட வருகிறார்கள், காசும் தருகிறார்கள். நிதி கேட்டு ஒரு துண்டுப் பிரசுரம் அடிக்கப் போகிறோம். யார் மனமும் நோகாத மாதிரி ஈகையைப் பற்றி என்ன மேற்கோள் போடலாம்?"

மதத்துக்கு ஒன்றாக நாலு மேற்கோள் போடலாம் என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள். யாருடையது மேலே, யாருடையது கீழே என்ற பேச்சு அச்சகத்திலேயே தொடங்கிவிடும். இன்னொன்று, துண்டுப் பிரசுரம் என்பது கடைசியில் தரையில் கிடக்கும், சில வேளை கடலை சுற்றவும் போகும். குர்ஆன் வசனம் அச்சடித்த தாள் அப்படிக் கிடந்தால் முஸ்லிம் வீடுகளில் மனம் நோகும். புத்தர் படத்துக்கும் இதே கதைதான். வேத வசனங்களைக் கூட்டத்தில் பேசும்போது வைத்துக்கொள்ளுங்கள், தாளில் வேண்டாம்.

அப்போ குறள்தானே என்பீர்கள். சரி, ஆனால் குறளிலும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் தாளைக் காசு தருபவர் மட்டுமல்ல, சாப்பிட வருபவரும் வாசிப்பார். "வறியார்க்கொன்று ஈவதே ஈகை" (221) என்பதைப் பந்தியில் இருப்பவர் வாசித்தால், வறியார் என்பது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியும். "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று" (222) கேட்க அருமையாக இருக்கும், கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் பொருந்தும். ஆனால் அதே குறள் "நல்லாறு எனினும் கொளல்தீது" என்றுதான் தொடங்குகிறது. வாங்குவது தீது என்று எழுதிவைத்துவிட்டுச் சோறு போட முடியுமா?

"பகுத்துண்டு பல்லுயிர் ஓம்புதல் நூலோர் / தொகுத்தவற்றுள் எல்லாந் தலை" (322) நல்ல தேர்வு. பகிர்ந்து சாப்பிடுவது என்று வந்துவிட்டதால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற மேடுபள்ளம் இல்லை. ஒரே சிக்கல், அது கொல்லாமை அதிகாரத்தில் வருவது. உங்கள் சமையல் மரக்கறி என்றால் தாராளமாகப் போடுங்கள். மீன் குழம்பு என்றால், அதிகாரம் தெரிந்த தமிழ் வாத்தியார் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

நான் போடுவதென்றால் இதைத்தான் போடுவேன்: "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே." புறநானூறு 18இல், குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு நீர்நிலை அமைக்கச் சொல்லும் பாட்டில் வரும் வரி. அதே வரி பௌத்த காப்பியமான மணிமேகலையிலும் வருகிறது. மணிபல்லவத் தீவில் காவல் தெய்வம் தீவதிலகை மணிமேகலைக்குச் சொல்வது. மணிபல்லவம் நம் நயினாதீவுதான் என்று கருதுவோர் பலர். வரியில் கடவுள் பெயர் இல்லை, புண்ணியம் கிடைக்கும் என்ற பேரமும் இல்லை, ஏழை என்ற சொல்லும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் விளங்கும்.

மேற்கோள் ஒன்று போதும். அதன் கீழே உடனே கணக்கு வரட்டும். உதாரணமாக:

"உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே. – புறநானூறு 18
ஒவ்வொரு வெள்ளியும் 60 பேருடன் சேர்ந்து சாப்பிடுகிறோம். ஒரு நாளுக்கு 8 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, 10 தேங்காய் வேண்டும். சமையல் மரக்கறி மட்டும். காசாகவும் தரலாம், பொருளாகவும் தரலாம். வரவுசெலவு மாதக் கடைசியில் பலகையில் ஒட்டப்படும்."

நாளையும் அளவுகளையும் உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள். மரக்கறி என்ற ஒரு வரி ஹலால் பற்றிய கேள்வியையும் விரத நாள் கேள்வியையும் கேட்காமலே தீர்த்துவிடும்.

கடைக்காரருக்குத் தனிக் கடிதம் எழுதினால் நக்கீரரின் "செல்வத்துப் பயனே ஈதல்" (புறநானூறு 189) பொருந்தும். அதையே வீடுவீடாகக் கொடுக்காதீர்கள், நாட்கூலிக்குப் போகும் வீட்டில் செல்வம் என்ற பேச்சு எடுபடாது. அங்கே ஔவையாரின் "இயல்வது கரவேல்" போதும், முடிந்ததை ஒளிக்காதே என்று.

வாட்ஸ்அப்பில் வரும் காந்தி, அன்னை தெரேசா, புத்தர் பொன்மொழிகளை, எந்த நூலில் எங்கே என்று காட்ட முடியாவிட்டால் தொடாதீர்கள். அவற்றில் பல அவர்கள் சொன்னதாக எங்கும் கிடைக்காது. குறளுக்கு எண்ணும் புறநானூற்றுக்குப் பாட்டு எண்ணும் போட்டுவிட்டால் சந்தேகப்படுபவர் தானே புரட்டிப் பார்த்துக்கொள்வார்.

சிங்களப் பக்கத்துக்குச் செய்யுளைச் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். சிங்களத்தில் நன்றாக எழுதக்கூடிய உங்கள் குழுக்காரர் ஒருவரிடம் பொருளைச் சொல்லி, அவர் வாயில் இயல்பாக வருகிற ஒரு வசனமாக எழுதச் சொல்லுங்கள். அரிசிக் கணக்கு இரண்டு பக்கத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன் ஒருதரம் பாருங்கள்.