பிளஸ் ஒன் இயற்பியல் அரியர்: பதினான்கு நாளில் இயந்திரவியலை எப்படிப் பிடிப்பது?

*"சார், பிளஸ் ஒன் இயற்பியல் அரியர் இருக்கு. இன்னும் பதினாலு நாள்தான். விசை, உராய்வு, எறிபொருள் கணக்கு வந்தாலே கை நின்னுடுது. எதிலிருந்து ஆரம்பிக்கணும்?"*

மூன்றாம் அலகான 'இயக்க விதிகள்' பாடத்திலிருந்து ஆரம்பியுங்கள். முதல் மூன்று நாளும் அதற்கே. இந்தப் பாடத்தில் தடுமாறுபவர்களின் விடைத்தாளைத் திருத்தும்போது நான் பார்ப்பது, பெரும்பாலும் சூத்திரம் சரியாகவே இருக்கும். விசைப்படம்தான் இருக்காது, அல்லது ஒரு விசை விடுபட்டிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30° சாய்தளத்தில் 5 கிலோ கட்டை கீழ்நோக்கிச் சறுக்குகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.2; g = 10 m/s². முடுக்கம் என்ன?

முதலில் கட்டையை மட்டும் தனியாக வரையுங்கள். அதன்மேல் மூன்று விசைகள்தான்: கீழ்நோக்கி எடை 50 N, தளத்துக்குச் செங்குத்தாக N, சறுக்கலுக்கு எதிராக உராய்வு. எடையை இரண்டு கூறுகளாகப் பிரித்தால், தளத்தின் வழியே mg sin 30° = 25 N, தளத்துக்குச் செங்குத்தாக mg cos 30° = 43.3 N. எனவே N = 43.3 N, உராய்வு 0.2 × 43.3 = 8.7 N. மீதி விசை 16.3 N, முடுக்கம் சுமார் 3.3 m/s².

இங்கே பலரும் பழக்கதோஷத்தில் N = mg என்று எழுதிவிடுவார்கள். உராய்வு 10 N ஆகி, விடை 3 என்று வரும். நம்பும்படியான எண் என்பதால் தவறு கண்ணில் படாது. sin, cos மாறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால் கோணத்தை 0° என்று வைத்துப் பாருங்கள். தரை மட்டமாகிவிட்டால் கட்டையைச் சறுக்க வைக்கும் விசை இருக்கக் கூடாது. sin 0° சுழியாவதால், தளத்தின் வழியே வருவது sin கூறுதான். இதேபோல நாளுக்கு ஆறேழு கணக்கு, ஒவ்வொன்றுக்கும் படத்தோடு.

நான்காம் நாள் எறிபொருள். அங்கேயும் கூறு பிரிக்கும் வேலைதான். பாதைச் சமன்பாட்டையும் கிடைத்தள நெடுக்கத்தையும் பார்க்காமல் எழுதிப் பழகுங்கள். ஐந்தாம் நாள் வேலை, ஆற்றல், திறன். ஆறாம் நாள் ஈர்ப்பியல்: விடுபடு வேகத்தின் வருவித்தல் ஆற்றல் மாறா விதியிலிருந்தே வந்துவிடும், அதனால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ஐந்தாம் அலகு நீளமானது. ஏழாம் நாளில் நிலைமத்திருப்புத்திறனும் இணை அச்சுத் தேற்றமும் போதும். மற்றதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

எட்டு முதல் பதினொன்று வரை இரண்டாம் தொகுதி. அப்புறம் பன்னிரண்டாம் நாள், பழைய வினாத்தாள் ஒன்றை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதுங்கள். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் தலா ஒரு கட்டாய வினா உண்டு. அது பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும். பதின்மூன்றாம் நாள், தவறிய கணக்குகளை மட்டும் விசைப்படத்திலிருந்து மறுபடி போடுங்கள். கடைசி நாள், முதல் அலகின் பரிமாணங்களும் புத்தகத்தின் பின்னால் உள்ள ஒரு மதிப்பெண் வினாக்களும்.