லவ் யூ சொன்ன பிறகு போன் வருவதே நின்றுவிட்டது

கேள்வி: எனக்கு வயது 26, கோவையில் அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்கிறேன். எட்டு மாதமாக ஒருவனோடு நெருக்கமாகப் பழகுகிறேன். தினமும் ராத்திரி அவனே கூப்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை என்றால் சேர்ந்துதான் வெளியே போவோம். ஆனால் இது காதல் என்று இரண்டு பேருமே வாய்திறந்து சொன்னதில்லை. போன மாதம் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் என்னை ஏற்றிவிட வந்தபோது நான்தான் முதலில் ‘லவ் யூ’ சொன்னேன். ‘சரி, பஸ் எடுக்கப் போறான், பத்திரமா போ’ என்றான். அதற்கப்புறம் போன் இல்லை. மெசேஜ் போட்டால் ‘ம்’, ‘வேலை’ என்று ஒற்றை வார்த்தை. ஒருநாள் ராத்திரி தாங்க முடியாமல் வரிசையாக மெசேஜ் அனுப்பி, கடைசியில் ‘சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னேன், விடு’ என்றும் போட்டுவிட்டேன். ‘ஓகே’ என்று பதில் வந்தது. போன வாரம் அம்மாவுடைய தைராய்டு மாத்திரை பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன். கேட்காமலே வாங்கிவந்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டான். அவனுக்கு ஒரு அக்கா, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பெண்ணாக இருந்துகொண்டு நானே முதலில் சொன்னது தப்பா? அவனுக்கு நான் வேண்டாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: முதலில் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதை இதோடு விட்டுவிடுங்கள், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நான் நின்று திரும்பப் படித்தது அந்த மாத்திரை விஷயத்தைத்தான்.

ஒருவர் விலகும்போது எதிலிருந்து விலகுகிறார் என்று பார்க்க வேண்டும். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டவர்கள் பொதுவாக எல்லாவற்றிலிருந்தும்தான் விலகுவார்கள். உங்கள் ஸ்டேட்டஸ் அவர்கள் கண்ணில் படும், ஆனால் அதற்காகக் கடை கடையாக ஏறி இறங்க மாட்டார்கள். இவர் அப்படி இல்லை. உங்கள் அம்மாவுக்கு எந்த மாத்திரை என்பது அவருக்கு நினைவிருக்கிறது, அதைத் தேடி வாங்கியிருக்கிறார், வீட்டு வாசல் வரை வந்திருக்கிறார், உங்கள் முகத்தைப் பார்க்கிற ஒரு காரியத்தை மட்டும்தான் தவிர்த்திருக்கிறார். அக்கறை அப்படியே இருக்கிறது, நெருக்கம்தான் நின்றிருக்கிறது. இதை வைத்து அவர் உங்களைக் காதலிக்கிறார் என்று நான் சொல்லிவிட மாட்டேன், குற்ற உணர்ச்சியிலும் மனிதர்கள் இப்படிச் செய்வதுண்டு. ஆனால் நீங்கள் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிற ஒருவர் செய்கிற வேலை இது இல்லை.

மனோதத்துவத்தில் ஒரு பழைய ஆய்வு முறை இருக்கிறது. மேரி எய்ன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்துச் செய்தது. பொம்மைகள் இருக்கிற ஒரு அறையில் குழந்தையை விட்டுவிட்டு அம்மா சில நிமிடம் வெளியே போவார், பிறகு திரும்பி வருவார். திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பல குழந்தைகள் அம்மாவிடம் வந்து ஒட்டிக்கொள்ளும். சில குழந்தைகள் அம்மாவை ஏறெடுத்தும் பார்க்காமல் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். இது அழுத்தமான குழந்தை, அம்மாவைத் தேடவே இல்லை என்று நாம் நினைப்போம். 1977இல் வேறு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது அது ஏறியிருந்தது. வெளியேதான் அமைதி, உள்ளுக்குள் நல்ல பதற்றம். பத்து வருடம் கழித்து, 1987இல், ஹேசன், ஷேவர் என்ற இருவர் இதே கோணத்தில் பெரியவர்களின் காதலை ஆராய ஆரம்பித்தார்கள். நெருக்கம் கூடும்போது சிலர் இன்னும் பக்கத்தில் வருகிறார்கள், சிலருக்கு மூச்சுமுட்டி ஓரடி பின்னால் போய்விடத் தோன்றுகிறது, அப்படிப் பின்னால் போகிறவருக்கும் பாசம் இருக்கலாம்.

இதை எடுத்துக்கொண்டு போய் அவர் நெற்றியில் ஒரு முத்திரை குத்த வேண்டாம். இன்ஸ்டாவில் இந்த வகைப் பெயர்களை வைத்து ஆளை எடைபோடுகிற ரீல்ஸ் நிறையச் சுற்றுகின்றன, அவற்றைப் பார்த்துவிட்டு ‘அவன் அந்த டைப்’ என்று தோழியிடம் சொல்ல மட்டும்தான் முடியும், அவரிடம் பேச அது உதவாது. நான் இதைச் சொல்வது ஒன்றுக்காகத்தான். அந்த ‘ம்’ என்ற பதிலைப் பார்த்து, அவர் நிம்மதியாக இருக்கிறார் நான்தான் தவிக்கிறேன் என்று நீங்கள் எடுத்த முடிவுக்கு ஆதாரம் இல்லை.

சரி, அவருக்கு ஏன் மூச்சுமுட்ட வேண்டும்? எட்டு மாதம் நன்றாகத்தானே இருந்தார். அந்த எட்டு மாதமும் யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் அவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்கா கல்யாணம் முடியாத ஒரு தம்பியிடம், நம் ஊரில், ஒரு பெண் ‘லவ் யூ’ என்று சொன்னால் அவர் காதில் அது அதோடு நிற்பதில்லை. உன் வீட்டில் எப்போது பேசுவாய், எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் என்ன செய்வாய், அக்காவுக்கு அமையாமல் இழுத்துக்கொண்டே போனால் நான் எத்தனை வருடம் காத்திருப்பது, வேற சாதி என்றால் உன் அப்பாவிடம் நிற்பாயா, இத்தனையும் சேர்ந்துதான் விழும். நீங்கள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை, உண்மைதான். ஆனால் பதிலுக்கு ‘நானும்’ என்று சொன்னால் இத்தனைக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்ததாகிவிடும், காப்பாற்ற முடியாமல் போனால் ஏமாற்றியவன் என்று பெயர் வரும், ‘இல்லை’ என்று சொல்லவும் மனம் வரவில்லை என்றால், மனிதர் என்ன செய்வார், பஸ் எடுக்கப் போகிறது என்பார். இது என் ஊகம். அவர் வாயால் கேட்காதவரை ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப் போகிறேன். வரிசையாக மெசேஜ் போனது புரிகிறது, பதில் வராத போனை கையில் வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருக்க முடியாது. ஆனால் ஒருவர் துரத்தத் துரத்த இன்னொருவர் ஒதுங்குவதும், ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் துரத்துவதும் ஒரு சுழல். அதில் மாட்டிக்கொண்ட பிறகு முதல் காரணமே மறந்துபோய், ‘ஏன் ரிப்ளை பண்ணல’ என்பதே சண்டையாகிவிடும். அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது ‘விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்ற மெசேஜ். உங்கள் மனதில் இருந்த நிஜத்தை நீங்களே பொய்யாக்கிவிட்டீர்கள். அவர் ‘ஓகே’ என்று போட்டதில் எந்த அர்த்தமும் தேடாதீர்கள், நம்பியிருந்தாலும் ‘ஓகே’தான், நம்பாவிட்டாலும் ‘ஓகே’தான். ஆனால் அது அப்படியே இருந்தால் அவர் எந்தப் பதிலும் சொல்லத் தேவையில்லாமல் போய்விடும். மாத்திரையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உங்கள் முன்னால் வந்து என்னவென்று நிற்பது என்று தெரியாமல்.

அதனால் முதல் வேலை, அதைத் திருத்துவது. ஒரே ஒரு மெசேஜ், பகல் நேரத்தில், அவர் வேலையில் மூழ்கியிருக்காத ஒரு பொழுதில். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘மாத்திரை கிடைச்சுது, அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க, தேங்க்ஸ். அன்னிக்கு விளையாட்டுக்குன்னு சொன்னது பொய், பயத்துல சொன்னேன். பஸ் ஸ்டாண்ட்ல சொன்னதுதான் நிஜம். அதுக்கு நீ உடனே அதே வார்த்தைய திருப்பிச் சொல்லணும்னு இல்ல. ஆனா என்ன ஆச்சுன்னு நேர்ல ஒரு தடவ பேசணும். வர்ற ஞாயித்துக்கிழமையா, அடுத்ததா, நீயே சொல்லு.’ அவ்வளவுதான், உங்கள் மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள். நாள் தேர்ந்தெடுப்பதை அவரிடம் விடுவது முக்கியம், பின்வாங்குகிற ஆளுக்குக் கொஞ்சம் பிடிமானம் அவர் கையில் இருந்தால்தான் வருவார். அதே சமயம் இரண்டு ஞாயிறு என்ற எல்லை உங்கள் கையில் இருக்கிறது. இதற்கப்புறம் அந்த ஞாயிறு வரை இதைப் பற்றி ஒரு மெசேஜும் வேண்டாம். லாஸ்ட் சீன் பார்ப்பது, அவருக்காகவே பாட்டு ஸ்டேட்டஸ் வைப்பது, அவர் நண்பனிடம் தூது விடுவது, இவையும் மெசேஜ் கணக்கில்தான் சேரும்.

வந்தால், பேக்கரியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசாதீர்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசுவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே பேசுவது சுலபம். ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று நடங்கள். ‘நீ என்னை லவ் பண்றியா இல்லையா’ என்று ஆரம்பித்தால் மறுபடி பஸ் ஸ்டாண்டுதான். ‘நான் சொன்னதும் உனக்கு என்ன தோணுச்சு’ என்று கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். இதுதான் கஷ்டம். அவர் பேசாமல் இருக்கிற அந்த அரை நிமிடத்தில் பதற்றப்பட்டு நீங்களே ‘அக்கா விஷயம்னு எனக்குப் புரியுது’ என்று எடுத்துக்கொடுத்துவிட்டால் அவர் தலையாட்டிவிடுவார். அப்புறம் உண்மை எது, நீங்கள் கொடுத்த காரணம் எது என்று ஆயுசுக்கும் தெரியாது.

அவர் அக்காவைக் காரணம் சொன்னால், அதை மதியுங்கள், ஆனால் அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ‘அக்கா கல்யாணம் முடியட்டும்’ என்பது ஒரு வாக்காகவும் இருக்கலாம், தள்ளிப்போடுவதாகவும் இருக்கலாம். அதுவரைக்கும் நாம் யார், உன் வீட்டில் ஒருத்தருக்காவது, அந்த அக்காவுக்காவது, என்னைப் பற்றித் தெரியுமா, என் வீட்டில் வரன் வந்தால் என்ன சொல்லட்டும் என்று கேட்டுப் பாருங்கள். உங்களைத் தன் கணக்கில் வைத்திருக்கிறவரிடம் இவற்றுக்குத் தயார் பதில் இல்லாவிட்டாலும் யோசித்த அடையாளமாவது இருக்கும். ‘அதெல்லாம் அப்போ பார்க்கலாம்’ என்று மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் அவர் யோசிக்கவில்லை, யோசிக்கவும் விரும்பவில்லை.

இன்னொன்று வரலாம், நீங்கள் தயாராக இருக்க வேண்டியது இதற்குத்தான். ‘முன்னாடி மாதிரியே இருப்போமே, எதுக்கு பேர் வைக்கணும்’ என்பார். அன்று ராத்திரியே போன் வரும், குரல் பழையபடி இருக்கும், உங்களுக்கு உயிர் வந்ததுபோல் ஆகிவிடும். ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள், சொல்லாததுபோல் இனி அந்த போனில் பேச முடியாது. தினம் ராத்திரி கூப்பிடுவார், நீங்கள் ஏதாவது நெருக்கமாகச் சொன்னால் ஒரு வாரம் காணாமல் போவார், நீங்கள் ஓய்ந்ததும் திரும்ப வருவார். இந்தக் கடிதங்களைப் படிக்கிற என் அனுபவத்தில் ‘பிடிக்கவில்லை’ என்று நேராகச் சொன்னவர்களால் வருகிற அழுகை சில மாதத்தில் அடங்குகிறது, இப்படி வந்து வந்து போகிறவர்களால் வருஷக்கணக்கில் போகிறது.

அந்த இரண்டு ஞாயிறும் பதிலில்லாமல் கடந்துவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதாக ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். மாத்திரை வாங்கிக்கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த மாத்திரைக்கான காசை ஜிபேயில் அனுப்பிவிடுங்கள், அடுத்த மாதத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.